கருத்துகளின் மனப்போக்கை வாரவாரம் அளப்பது: மதிப்பெண் ஏமாற்றும் இடங்களோடு ஒரு முழுமையான வழிகாட்டி

குறிப்பெடுக்கும் செயலி ஒன்றை நடத்தும் சிறு குழுவுக்காக, பயனர் கருத்துகளில் எதிர்மறையானவை எத்தனை விழுக்காடு என்று வாரந்தோறும் அளந்து வந்தேன். ஏழாவது வாரம் தானியங்கிக் கருவி 25 என்றது. எட்டாவது வாரம் 22 என்றது. நிலைமை தேறிவிட்டது என்று எல்லோரும் மூச்சு விட்டோம். உண்மையில் அந்த ஒரு வாரத்தில் எதிர்மறைக் கருத்துகள் 30 விழுக்காட்டிலிருந்து 40 ஆக உயர்ந்திருந்தன. வரைபடத்தில் கோடு இறங்கிய அதே வாரத்தில் கோபம் ஏறியிருந்தது.

இது எப்படி நடக்கிறது, எப்படிக் கண்டுபிடிப்பது என்பதை வைத்தே கீழுள்ள படிகளை அடுக்கியிருக்கிறேன். புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் நேராக ஐந்தாம் படியில் தொடங்கி, முதல் நான்கையும் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுகிறார்கள். அந்த நான்கில் விட்ட பிழையைப் பிறகு எந்தக் கணக்காலும் சரிசெய்ய முடியாது. கணக்கு எளிதாக இருக்க எண்களை முழு எண்களாக்கியிருக்கிறேன்.

## தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

குறைந்தது நான்கு வாரக் கருத்துகள் வேண்டும். அவற்றோடு எழுதப்பட்ட நாள், எந்த இடத்தில் வந்தது, எழுதியவரைப் பிரித்தறிய ஓர் அடையாள எண் ஆகியவை இருக்க வேண்டும். பெயரைச் சேமிக்கத் தேவையில்லை. ஓர் எக்செல் தாளும் பைத்தானும் போதும். அந்த மொழியை இயல்பாக வாசிக்கும் இரண்டு பேரும், ஒவ்வொருவரிடமும் வாரத்துக்கு ஒரு மணி நேரமும் வேண்டும். இந்த ஒரு மணி நேரத்தை ஒதுக்க முடியாது என்றால் தொடங்காமல் இருப்பது நல்லது. ஆள் சரிபார்க்காத கோடு, கோடே இல்லாததைவிட ஆபத்தானது.

## 1. எதைப் பற்றிய மனநிலை என்பதை ஒரே வரியில் எழுதுங்கள்

எங்கள் கேள்வி இதுதான்: “எழுதியவர் இந்தச் செயலியைப் பற்றி அதிருப்தி தெரிவிக்கிறாரா?” ஆம் அல்லது இல்லை, இரண்டே விடைகள்.

இந்த வரி இல்லாவிட்டால் கருவியும் ஆளும் வெவ்வேறு பொருள்களை அளப்பார்கள். “இந்தச் செயலி இல்லாவிட்டால் தேர்வு நேரத்தில் எனக்குப் பைத்தியமே பிடித்திருக்கும்” என்பதில் இருக்கும் சொற்கள் இருண்டவை. ஆனால் அது பாராட்டு. “முன்பு வைத்திருந்த செயலி குப்பை, இதற்கு மாறியதும் நிம்மதி” என்பதில் வசவு நம்மைச் சேராது. கருவி வாக்கியத்தின் பொதுத் தொனியைத்தான் பார்க்கிறது. அந்தத் தொனி யாரை நோக்கியது என்பதைப் பெரும்பாலான கருவிகள் பார்ப்பதில்லை.

நேர்மறை, நடுநிலை, எதிர்மறை என்று மூன்றாகப் பிரிக்கலாமே என்று கேட்பார்கள். பிரிக்கலாம். ஆனால் நடுநிலைக்கும் மென்மையான பாராட்டுக்கும் நடுவே எல்லை போடுவதில் இரண்டு பேர் ஒத்துப்போவது மிகக் கடினம். “அதிருப்தி உண்டா, இல்லையா” என்பதில் ஓரளவு ஒத்துப்போவார்கள். முடிவெடுப்பதற்கும் பெரும்பாலும் அதுவே போதும்.

## 2. அன்றன்று சேகரியுங்கள், பழையதை மறுபடி இழுக்காதீர்கள்

ஒவ்வொரு நாளும் ஒரே நேரத்தில், முந்தைய 24 மணி நேரக் கருத்துகளை எடுத்துச் சேமியுங்கள். பின்னர் எது நீக்கப்பட்டாலும் உங்கள் கணக்கில் அது இருக்கட்டும்.

மூன்று மாதக் கருத்துகளை ஒரே நாளில் மொத்தமாக இழுத்துக் கோடு வரைந்தால், பழைய வாரங்கள் எப்போதும் இனிமையாகவே தெரியும். காரணம் எளிது. கடுமையான கருத்துகளை நிர்வாகிகள் நீக்கியிருப்பார்கள், கோபத்தில் எழுதியவர் சிலர் தாமே அழித்திருப்பார்கள். கடைசி வாரத்தில் மட்டும் இன்னும் யாரும் கைவைத்திருக்கமாட்டார்கள். அதனால் எந்த நாளில் எடுத்தாலும் “அண்மையில் நிலைமை மோசமாகியிருக்கிறது” என்றே கோடு சொல்லும். இந்தச் சரிவைப் பார்த்து ஒரு கூட்டமே கூட்டியதை நான் கண்டிருக்கிறேன்.

## 3. எழுத்துகளை ஒழுங்குபடுத்தி, நகல்களை நீக்குங்கள்

தமிழில் ‘கொ’ என்ற எழுத்தைக் கணினி இரண்டு வகையில் சேமிக்கலாம். ஒகரக் குறி ஒரே குறியீடாக வரலாம், அல்லது கொம்பும் காலும் தனித்தனிக் குறியீடுகளாக வரலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்று. கணினிக்கு இரண்டும் வெவ்வேறு சொற்கள். எனவே t என்ற ஒவ்வொரு வாசகத்துக்கும் முதலில் பைத்தானில் இதைச் செய்யுங்கள்:

```python
import unicodedata
t = unicodedata.normalize("NFC", t).strip()
```

இதைச் செய்த பிறகுதான் நகல்களை நீக்க வேண்டும். முன்பே நீக்கினால் ஒரே வாசகத்தின் இரண்டு வடிவங்கள் தப்பிவிடும். அடுத்து, ஒருவர் ஒரு வாரத்தில் எத்தனை முறை எழுதியிருந்தாலும் ஒரே ஒரு கருத்தை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். எதை வைப்பது என்பதைக் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுங்கள். ஒரு கோபக்காரர் நாற்பது இடங்களில் எழுதுவது அவருடைய விடாமுயற்சியைக் காட்டுமே தவிர, நாற்பது பேரின் கருத்தைக் காட்டாது.

## 4. வரும் வழிகளைத் தனித்தனியாக வையுங்கள்

நம் பதிவுகளுக்குக் கீழே வருபவை கருத்துகள். மற்றவர்கள் தங்கள் பக்கத்தில் நம் பெயரைச் சொல்லி எழுதுபவற்றை இங்கே குறிப்பீடுகள் என்கிறேன். இரண்டின் இயல்பும் வேறு. நம் பெயரைத் தேடிப்பிடித்துக் குறிப்பிடுபவருக்கு ஏதோ ஒரு குறை இருப்பதற்கே வாய்ப்பு அதிகம்.

ஐந்தாவது வாரம் எங்களுக்கு வந்தவை 600 கருத்துகளும் 200 குறிப்பீடுகளும். கருவியின்படி கருத்துகளில் 15 விழுக்காடும் குறிப்பீடுகளில் 45 விழுக்காடும் எதிர்மறை. அதாவது 90-உம் 90-உம், மொத்தம் 800-க்கு 180. இது 22.5 விழுக்காடு.

ஆறாவது வாரம், குறைகளைத் தெரிவிக்கத் தனிக் கணக்கு ஒன்றைக் குழு தொடங்கியது. குறிப்பீடுகள் 500 ஆயின. விகிதங்கள் மாறவே இல்லை, அதே 15-உம் 45-உம்தான். ஆனால் மொத்தம் 1100-க்கு 315, ஏறத்தாழ 28.6 விழுக்காடு. ஒருவருடைய மனமும் மாறாமலே கோடு ஆறு புள்ளி ஏறியது.

ஆகவே மொத்தக் கோட்டை வரையாதீர்கள். ஒவ்வொரு வழிக்கும் ஒரு கோடு வரையுங்கள். மேலிடத்துக்கு ஒரே எண்தான் வேண்டும் என்றால், எடைகளை மாறாமல் நிறுத்திவையுங்கள். ஐந்தாம் வாரத்தில் இருந்தபடி கருத்துகளுக்கு 75, குறிப்பீடுகளுக்கு 25 என்று எடை கொடுத்தால் ஆறாவது வாரமும் 22.5 தான் வரும். அதுதான் நேர்மையான விடை. குறிப்பீடுகளின் எண்ணிக்கை பெருகியது தனிச் செய்தி. அதைத் தனியாகச் சொல்லுங்கள்.

இனி வருவதெல்லாம் கருத்துகள் என்ற ஒரே வழியைப் பற்றியது.

## 5. கருவியை முழுக்க ஓட்டும் முன் பத்து வாக்கியங்கள் கொடுத்துப் பாருங்கள்

இலவசமாகக் கிடைப்பதால் பலர் முதலில் கைவைப்பது `vaderSentiment`. இது 2014-இல் வெளியான, ஆங்கிலச் சொற்பட்டியலை நம்பிய கருவி. ஒவ்வொரு வாசகத்துக்கும் −1 முதல் +1 வரை ஒரு மதிப்பெண் கொடுக்கும். −0.05-உம் அதற்குக் கீழும் எதிர்மறை என்பது வழக்கமான எல்லை. அதனிடம் நான் கொடுத்துப் பார்ப்பவற்றில் நான்கு:

```
good           0.4404
not good      -0.3412
good illa      0.4404
நன்றாக இல்லை   0.0
```

மூன்றாவது வரியைக் கவனியுங்கள். எதிர்மறைச் சொல்லை இந்தக் கருவி, மதிப்புள்ள சொல்லுக்கு முன்னால் மூன்று சொற்கள் வரை தேடுகிறது. ஆங்கிலத்தில் மறுப்பு முன்னால் வரும். தமிழில் மறுப்பு பெரும்பாலும் பின்னால் வரும். ஆங்கில எழுத்தில் ‘illa’ என்று எழுதினால் அந்தச் சொல்லையே அதற்குத் தெரியாது. விளைவு, குறையைப் பாராட்டாகப் பதிவு செய்கிறது.

நான்காவது வரி இன்னும் மோசம். 0.0 என்பது அங்கே “நடுநிலை” என்று பொருள்படவில்லை, “எனக்கு ஒரு சொல்லும் புரியவில்லை” என்று பொருள். எல்லாவற்றுக்கும் சராசரி எடுத்தால் இந்தச் சுழிகள் கோட்டை நடுவிலேயே கட்டிப்போடும். தமிழ் எழுத்தில் எழுதுவோர் பெருகும் வாரத்தில் எதிர்மறை தானாகக் குறைந்தது போலத் தெரியும்.

பன்மொழி மாதிரிகளில் பயிற்றப்பட்ட கருவிகள் இந்த இரண்டு சோதனைகளிலும் மேலாகவே தேறும். ஆனாலும் பத்து வாக்கியச் சோதனையைத் தவிர்க்காதீர்கள். மறுப்பு பின்னால் வரும் வாக்கியம், கேலி, வேறு பொருளைத் திட்டும் வாக்கியம், ஆங்கில எழுத்தில் எழுதிய தமிழ், சிரிக்கும் முகம் மட்டும் என்று உங்கள் கருத்துகளிலிருந்தே பொறுக்குங்கள். கருவி தயாரித்தவர் கொடுக்கும் துல்லிய விழுக்காடு வேறு யாரோ எழுதிய வாசகங்களுக்குரியது.

## 6. வாரம் 200 கருத்துகளைக் கையால் குறியிடுங்கள்

முழு வழிகாட்டியிலும் விட்டுவிடக் கூடாத படி இதுதான். ஒவ்வொரு வாரமும் அந்த வாரக் கருத்துகளிலிருந்து 200-ஐக் குலுக்கலில் எடுத்து, படி 1-இன் கேள்வியைக் கேட்டு, ஆம் அல்லது இல்லை என்று குறியிடுங்கள். கீழே df என்பது எல்லாக் கருத்துகளையும் வைத்திருக்கும் pandas அட்டவணை:

```python
sample = df[df.week == 8].sample(200, random_state=8)
```

ஏன் 200? உண்மை அளவு 30 விழுக்காட்டை ஒட்டி இருக்கும்போது, 100 கருத்துகளில் கிடைக்கும் விடை ஏறத்தாழ 9 புள்ளி முன்பின் ஆகலாம். 200-இல் 6 புள்ளி சொச்சம். 400-இல் நான்கரை. இரண்டு வாரங்களுக்கு நடுவே பத்துப் புள்ளி மாற்றத்தைக் கண்டுகொள்ள 200 சரியாகப் போதும். 100 போதாது. இரண்டு புள்ளி மாற்றத்தைக் கண்டுபிடித்துச் சொல்லுங்கள் என்று யாராவது கேட்டால், முடியாது என்று அப்போதே சொல்லிவிடுங்கள்.

புதியவர்கள் இங்கே செய்யும் பிழை எப்போதும் ஒன்றுதான். கருவி எதிர்மறை என்று குறித்தவற்றை மட்டும் எடுத்துச் சரிபார்ப்பார்கள். “பத்தில் எட்டு சரியாக இருக்கிறது, நல்ல கருவி” என்பார்கள். கருவி தவறவிட்ட புகார்கள் அந்தக் குவியலில் இருக்கவே இருக்காது. வலையில் விழுந்த மீனை எண்ணிக் குளத்தை அளக்கும் வேலை அது. எல்லாக் கருத்துகளிலிருந்தும் குலுக்கி எடுக்க வேண்டும். கருவியின் விடை தெரியும் பத்தியைக் குறியிடுபவர் பார்க்காதபடி மறைத்துவிட வேண்டும். பார்த்தால் கை தானாக அந்தப் பக்கம் சாயும்.

200-இல் 50-ஐ இரண்டு பேரும் தனித்தனியாகக் குறியிடட்டும். ஒத்துப்போகாதவற்றை உட்கார்ந்து பேசி, எடுத்த முடிவைத் தாளின் ஓரத்தில் விதியாக எழுதுங்கள். எங்கள் முதல் விதி: “புது வசதி கேட்பது மட்டும் அதிருப்தி ஆகாது. ‘இதுகூட இல்லையா’ என்ற தொனியில் கேட்டால் ஆகும்.” இப்படி ஏழெட்டு விதிகள் சேர்ந்ததும் தகராறு பெருமளவு அடங்கிவிடும்.

## 7. கருவியின் பிழையைக் கணக்கிட்டுத் திருத்துங்கள்

மூன்று முதல் ஆறு வரையிலான நான்கு வாரங்களில் 800 கருத்துகளைக் குறியிட்டோம். அவற்றில் உண்மையான எதிர்மறை 80. கருவி அவற்றில் 48-ஐப் பிடித்தது, அதாவது 60 விழுக்காடு. இதைப் பிடிப்பு விகிதம் என்போம். மீதி 720-இல் 72-ஐத் தவறாக எதிர்மறை என்றது, 10 விழுக்காடு. இது வீண்பழி விகிதம். ஒரே வாரத்தை வைத்து இந்த இரண்டையும் கணக்கிடாதீர்கள். ஒரு வாரத்தில் உண்மையான எதிர்மறை 20 தான் இருக்கும், அதிலிருந்து எடுக்கும் விகிதத்தை நம்ப முடியாது.

இந்த இரண்டும் தெரிந்தால் திருத்தம் எளிது:

```
உண்மை = (கருவி − வீண்பழி) / (பிடிப்பு − வீண்பழி)
```

ஆறாவது வாரம் கருவி 15 என்றது: (15 − 10) / 0.50 = 10. ஏழாவது வாரம் 25 என்றது: (25 − 10) / 0.50 = 30. கருவியின் கோடு பத்துப் புள்ளி ஏறியபோது உண்மை இருபது புள்ளி ஏறியிருக்கிறது. அந்த வாரம் கையால் குறியிட்ட 200-இல் 60 எதிர்மறை, சரியாக 30 விழுக்காடு. திருத்தம் வேலை செய்கிறது.

இதில் ஒரு சூட்சுமம் உண்டு. கருவி 20 என்றால் திருத்திய விடையும் 20 தான். தவறவிட்டதும் வீண்பழியும் அந்த இடத்தில் ஒன்றையொன்று ஈடுகட்டிவிடுகின்றன. கருவியைச் சோதித்த வாரம் தற்செயலாக 20-ஐ ஒட்டி இருந்தால், “கருவியும் ஆளும் ஒரே விடை” என்று முத்திரை குத்திவிடுவீர்கள். அதன் பிறகு அது ஒவ்வொரு ஏற்றத்தையும் இறக்கத்தையும் பாதியாகச் சுருக்கிக் காட்டிக்கொண்டிருக்கும், யாருக்கும் சந்தேகம் வராது.

## 8. திருத்தமே ஏமாற்றும் வாரத்தைப் பிடியுங்கள்

எட்டாவது வாரம் கருவி 22 என்றது. திருத்தினால் (22 − 10) / 0.50 = 24. முந்தைய வாரம் 30, ஆக ஆறு புள்ளி இறக்கம். இந்தக் கணக்கோடு நிறுத்தியிருந்தால் தப்பாகவே போயிருக்கும். எங்கள் நிம்மதிக்கு இரண்டு நாள் ஆயுள். அதற்குள் கைக்குறியீடு முடிந்தது: 200-இல் 80. அதாவது 40 விழுக்காடு, முன்பின் 7 புள்ளி.

24 எங்கே, 40 எங்கே. இந்த இடைவெளி மாதிரியின் தடுமாற்றத்தால் வரக்கூடியது அல்ல. அந்த 80-ஐ மட்டும் தனியே எடுத்து, கருவி என்ன சொன்னது என்று பார்த்தோம். 32-ஐத்தான் பிடித்திருந்தது. பிடிப்பு 60-இலிருந்து 40-ஆக விழுந்திருந்தது. வீண்பழி மாறவில்லை, 120-இல் 12.

தவறவிட்ட 48-ஐ வரிசையாக வாசித்ததும் காரணம் தெரிந்தது. புதிய பதிப்பில் சிலருடைய குறிப்புகள் ஒத்திசைவின்போது காணாமல் போயின. ஏழாவது வாரம் மக்கள் நேராகத் திட்டினார்கள். அந்த வாரக் கடைசியில் குழு ஓர் அறிவிப்பு வெளியிட்டது. “உங்கள் அனுபவம் இனி இன்னும் இனிமையாகும்” என்பது அதில் ஒரு வரி. எட்டாவது வாரம் எல்லோரும் அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டார்கள். “இனிமையோ இனிமை, மூன்று மாதக் குறிப்புகள் எங்கே?” “அருமை, இன்று மூன்றாவது முறை.” வெறும் “மிக இனிமை” என்று எழுதிச் சிரிக்கும் முகம் போட்டவர்களும் உண்டு. கருவி இவற்றையெல்லாம் பாராட்டுக் கணக்கில் சேர்த்துக்கொண்டது. கோபம் கேலியாக மாறியதும் கருவிக்குக் காது கேட்காமல் போய்விட்டது.

எனவே வாரந்தோறும் செய்ய வேண்டிய சோதனை ஒன்றே. திருத்திய எண்ணையும் கையால் குறியிட்ட எண்ணையும் பக்கத்தில் வையுங்கள். இடைவெளி 7 புள்ளிக்குள் இருந்தால் விடுங்கள். தாண்டினால் அந்த வாரம் கருவியின் எண்ணைத் தூக்கிப்போட்டு, கையின் எண்ணை எடுங்கள். பிறகு தவறியவற்றை வாசியுங்கள். கருவி முறிவதற்கு வாய்ப்பு அதிகமான வாரங்கள்: புதுப் பதிப்பு வந்த வாரம், மன்னிப்புக் கேட்ட வாரம், ஏதோ ஒரு பதிவு திடீரெனப் பரவிப் புது ஆட்கள் வந்த வாரம். அதாவது, கோட்டை எல்லோரும் ஆவலாகப் பார்க்கும் வாரங்களேதான்.

வாரம் 200-ஐக் கையால் குறியிட்டால் கருவி எதற்கு என்று ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. ஒரு வழிக்கு வாரம் ஓர் எண் மட்டும் போதும் என்றால், கருவி தேவையில்லை. கையே சிறந்தது. நாள்வாரியாக எப்போது ஏறியது, எந்த அம்சத்தைப் பற்றிய பேச்சில் ஏறியது என்று சிறு துண்டுகளாகப் பார்க்க வேண்டுமானால் 200 போதாது. அப்போதுதான் ஆயிரக்கணக்கில் வாசிக்கும் கருவி உதவும், அதுவும் இந்தச் சோதனையில் தேறிய வாரங்களில் மட்டும்.

## 9. கோட்டை வரையும்போது

சராசரி மதிப்பெண்ணை வரையாதீர்கள். பாதிப் பேர் கொண்டாடிப் பாதிப் பேர் திட்டும் வாரத்துக்கும், யாரும் எதுவும் சொல்லாத வாரத்துக்கும் ஒரே சராசரி வரும். எதிர்மறை விழுக்காட்டை வரையுங்கள். ஒவ்வொரு புள்ளிக்கும் மேலும் கீழும் அதன் தடுமாற்றத்தைச் சிறு கோடாகக் காட்டுங்கள், மொத்தக் கருத்துகளின் எண்ணிக்கையைக் கீழே எழுதுங்கள். 40 கருத்துகள் மட்டும் வந்த வாரத்தின் ஏற்றத்துக்கு யாரும் பதற்றப்படத் தேவையில்லை என்பது அப்போது பார்த்த உடனே தெரியும்.

நடந்த நிகழ்வுகளைக் கோட்டின் மேலேயே நாளோடு குறியுங்கள். பதிப்பு வெளியானது, அறிவிப்பு வந்தது, குறைகளுக்கான கணக்கு தொடங்கியது. மூன்று மாதம் கழித்து இது யாருக்கும் நினைவிருக்காது.

## 10. கருவி மாறினால்

இணையம் வழியாக ஓடும் கருவிகளைத் தயாரிப்பாளர்கள் சொல்லாமலே புதுப்பிப்பதுண்டு. ஒரு நாள் காலை கோடு படிக்கட்டுபோல ஏறியோ இறங்கியோ நிற்கும். கருத்துகளின் எண்ணிக்கையும் கைக்குறியீடும் மாறாமல் கருவியின் எண் மட்டும் தாவினால் முதலில் இதைச் சந்தேகியுங்கள். சோதிப்பது எளிது. மூன்றாவது வாரத்தில் குறியிட்ட அதே 200-ஐ இன்று மறுபடி கருவிக்குக் கொடுங்கள். அன்று சொன்ன விடையும் இன்று சொல்லும் விடையும் ஒன்றாக இல்லாவிட்டால் கருவிதான் மாறியிருக்கிறது. இதற்காகவே மூல வாசகத்தையும், கருவியின் பதிப்பு எண்ணையும், அன்று அது சொன்ன விடையையும் தாளில் தனித்தனிப் பத்திகளாக வைத்திருக்க வேண்டும்.

மாறியது உறுதியானால், இதுவரை குறியிட்ட எல்லாவற்றையும் புதிய பதிப்பில் ஓட்டி, பிடிப்பையும் வீண்பழியையும் புதிதாகக் கணக்கிட்டு, பழைய வாரங்களையும் சேர்த்தே மறுபடி வரையுங்கள். பழைய கோட்டின் முனையில் புதிய கோட்டை ஒட்டாதீர்கள். மூல வாசகங்கள் கையில் இல்லாதவர்களுக்கு இந்த வழி கிடையாது. அவர்கள் அந்த நாளில் ஒரு செங்குத்துக் கோடு போட்டு, வலப்பக்கத்தைப் புதுக் கணக்காகத் தொடங்க வேண்டியதுதான்.